தட்டைப் பெல்ட் வழுக்கினால்: நெல் ஆலைக்காரருக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

பெரும்போக அறுவடை முடிந்து தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் பக்கத்துச் சிறிய நெல் ஆலைகள் ஓயாமல் ஓடத் தொடங்கும் நாட்களில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே செய்திதான்: "பெல்ட் வழுக்குகிறது." நான் போய்ச் சேரும்போது பெல்ட் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சில இடங்களில் மோட்டாரின் பேரிங்கும் சூடேறத் தொடங்கியிருக்கும். இழுத்துக் கட்டுவது கடைசியில் செய்யவேண்டிய வேலை. அதை முதலில் செய்வதால்தான் சில நூறு ரூபாயில் முடியவேண்டிய பழுது பேரிங், தண்டு என்று நீள்கிறது.

கீழே உள்ளதை உங்கள் இயந்திரத்தில் தெரியும் அறிகுறியைப் பார்த்துத் தேடிப் படியுங்கள். பெல்ட்டில் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை இறக்கி, வேறு யாரும் போட முடியாதபடி ஆளை நிறுத்துங்கள் அல்லது பூட்டுங்கள். ஓடும் பெல்ட்டைத் துணியால் துடைக்கப் போய் விரலை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

முதலில் அறிந்திருக்க வேண்டிய ஒரே ஒரு கணக்கு

இறங்குதுறையில் படகு கட்டுபவரைக் கவனியுங்கள். அலை படகை இழுக்கும் விசையை அவர் கைப்பலத்தால் தாங்குவதில்லை. கயிற்றைத் தூணில் சுற்றிவிட்டு நுனியை இலேசாகப் பிடித்திருப்பார். உராய்வுக் குணகம் 0.3 என்றால் ஒரு முழுச் சுற்று அவர் பிடிக்கும் விசையை ஏறத்தாழ ஆறரை மடங்காக்கும். இரண்டு சுற்று நாற்பது மடங்குக்கு மேல் ஆக்கும். கப்பியின் மேல் பெல்ட் நிற்பதும் இதே விதிப்படிதான். கப்பலின் கயிறு சுற்றும் உருளையின் பெயரால் இதைக் கப்ஸ்டன் தொடர்பு என்பார்கள்.

```
T1 / T2 = e^(μθ)
```

T1 இறுகிய பக்கத்து இழுவிசை, T2 தளர்ந்த பக்கத்து இழுவிசை. e என்பது ஏறத்தாழ 2.718 என்ற மாறா எண். μ உராய்வுக் குணகம். θ என்பது பெல்ட் கப்பியைத் தழுவும் கோணம், ஆரையனில். இது வழுக்கத் தொடங்கும் எல்லையைச் சொல்லும் கணக்கு. அந்த எல்லைக்குள் இருக்கும்வரை பெல்ட் பிடித்து ஓடும், விகிதமும் இதைவிடக் குறைவாகவே இருக்கும். சுமை இந்த விகிதத்தைத் தாண்டக் கேட்டால் பெல்ட் வழுக்கும்.

இந்தச் சமன்பாட்டில் எது இல்லை என்பதையும் பாருங்கள். பெல்ட்டின் அகலம் இல்லை. கப்பியின் விட்டமும் நேரடியாக இல்லை, தழுவும் கோணம் மட்டுமே இருக்கிறது. இதை நினைவில் வைத்திருந்தால் கீழே சொல்லப்போகும் பல வீண்செலவுகளைத் தவிர்க்கலாம்.

## அறிகுறி 1: நெல் போட்டதும் பெல்ட் கத்துகிறது, இயந்திரத்தின் வேகம் விழுகிறது

வழுக்குவது பெல்ட்தானா?

இதை உறுதி செய்யாமல் எதையும் தொடவேண்டாம். மோட்டார் கப்பியிலும் இயந்திரக் கப்பியிலும் வேகமானியால் சுற்றை அளந்துகொள்ளுங்கள். சுமையோடு ஓடும்போதே அளக்கவேண்டும். மோட்டார் கப்பி 160 மில்லிமீற்றர், இயந்திரக் கப்பி 400 மில்லிமீற்றர் என்றால், மோட்டார் நிமிடத்துக்கு 1,450 சுற்றுச் சுற்றும்போது இயந்திரம் 580 சுற்றுச் சுற்றவேண்டும். ஒன்று அல்லது இரண்டு வீதம் குறைவது இயல்பு. பெல்ட் இறுகிய பக்கத்தில் நீண்டும் தளர்ந்த பக்கத்தில் சுருங்கியும் ஓடுவதால் அது எப்போதும் இருக்கும்.

- இரண்டுமே ஒரே அளவில் விழுந்தால் குறை மோட்டாரில் அல்லது மின்சாரத்தில் இருக்கிறது. மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.
- மோட்டார் வேகம் நிலைத்து நிற்க, இயந்திரம் மட்டும் மூன்று வீதத்துக்கு மேல் விழுந்தால் பெல்ட் வழுக்குகிறது. கீழே தொடருங்கள்.

காரணம் ஒன்று: தவிடு

செலவே இல்லாத காரணம் இது. நான் பார்த்த ஆலைகளில் மிக அதிகமாகக் காணப்படுவதும் இதுதான். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. பெல்ட்டின் உட்பக்கத்தில் படியும் மெல்லிய தவிடு சூட்டில் அமுங்கி, விரலால் தேய்த்தால் மெழுகுபோல வழுவழுக்கும் ஒரு படலமாகிவிடும். உமித் தூசி அவ்வளவு கெடுதி செய்யாது.

பெல்ட்டைக் கழற்றி, உட்பக்கத்தையும் கப்பியின் முகத்தையும் காய்ந்த துணியால் துடையுங்கள். பிறகு இலேசான சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். றப்பர் பெல்ட்டில் மண்ணெண்ணெயோ பெற்றோலோ படக்கூடாது. றப்பர் ஊதி மென்மையாகிவிடும்.

குங்கிலியத் தூள் தூவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் பிடிக்கும். அதன்பின் அதே பிசுபிசுப்பில் தவிடு இரட்டிப்பாக ஒட்டி, கண்ணாடிபோல இறுகிவிடும்.

*துடைத்தது போதுமா என்று அறியும் சோதனை.* இதற்கு ஒரு விற்றராசும் 5 கிலோ எடையும் போதும். மோட்டார் கப்பி சுற்றாதபடி கட்டையால் முட்டுக்கொடுங்கள். அதே பெல்ட்டின் ஒரு துண்டைக் கப்பியின் மேலாகப் போட்டு இருபக்கமும் நேராகத் தொங்கவிடுங்கள். ஒரு நுனியில் 5 கிலோவைக் கட்டி, மறு நுனியை விற்றராசால் மெதுவாகக் கீழே இழுங்கள். பெல்ட் சீராக நழுவும்போது முள் காட்டும் அளவைப் படியுங்கள். பெல்ட் கப்பியைப் பாதிதான் தழுவுவதால் கோணம் π ஆரையன்.

```
μ = ln(T1/T2) / π
```

கைபேசியின் கணிப்பானில் ln பொத்தான் இருக்கும். முள் 12.8 கிலோ காட்டினால் விகிதம் 2.56, குணகம் 0.30. வார்ப்பிரும்புக் கப்பியில் சுத்தமான றப்பர் பெல்ட்டுக்கு நான் எதிர்பார்ப்பது இதைத்தான். முள் 9.4 கிலோவிலேயே நின்றுவிட்டால் குணகம் 0.20. இன்னும் தவிடு இருக்கிறது அல்லது பெல்ட்டின் முகம் மினுமினுத்துச் செத்துவிட்டது. துடைப்பதற்கு முன்பும் பின்பும் செய்து பாருங்கள். வெறும் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பதைவிட இது பலமடங்கு நம்பகமானது.

காரணம் இரண்டு: தளர்ந்த பக்கம் கீழே இருக்கிறது

மோட்டாரை நோக்கி ஓடிவரும் பக்கமே இறுகிய பக்கம். மோட்டாரிலிருந்து விலகிப் போகும் பக்கம் தளர்ந்தது. கிடையாக ஓடும் பெல்ட்டில் தளர்ந்த பக்கம் மேலே இருந்தால், அது தொய்யும்போது கப்பியை இன்னும் கொஞ்சம் தழுவும். கீழே இருந்தால் தொய்ந்து கப்பியைவிட்டு விலகும், தழுவும் கோணம் குறையும்.

மோட்டாரைக் கழற்றிச் சுருள் கட்டி, மறுபக்கத்தில் பொருத்தியபின் வழுக்கல் தொடங்கியது என்றால் இதை உடனே பாருங்கள். இயந்திரம் சுற்றும் திசையை மாற்ற முடியாது. ஆகவே மோட்டாரை இயந்திரத்தின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோனால்தான் தளர்ந்த பக்கம் மேலே வரும். இடம் இல்லையென்றால் அடுத்த வழிக்குப் போங்கள்.

காரணம் மூன்று: சின்னக் கப்பியைப் பெல்ட் போதிய அளவு தழுவவில்லை

இரு கப்பிகளும் நெருக்கமாக இருந்து, ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் சிறியதில் கோணம் குறையும். எப்போதும் முதலில் வழுக்குவது அதுதான். தளர்ந்த பக்கத்தில், சின்னக் கப்பிக்கு அருகே, வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்தும் ஒரு துணைக் கப்பியைப் பொருத்துங்கள். அதன் முகம் தட்டையாக இருக்கவேண்டும். இறுகிய பக்கத்தில் ஒருபோதும் பொருத்தவேண்டாம். அங்கே அது முழு இழுவிசையையும் சுமந்து தன் பேரிங்கைத் தின்றுவிடும்.

காரணம் நான்கு: இறுக்கம் உண்மையிலேயே போதவில்லை

மேலே உள்ள மூன்றையும் பார்த்தபின்தான் இது. புதுப் பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்தில் நீளும், அதற்கு ஒருமுறை மீண்டும் இழுக்கத்தான் வேண்டும். கையால் அமுக்கிப் பார்த்துச் சொல்வதை நான் நம்புவதில்லை. இயந்திரம் நிற்கும்போது இரு கப்பிக்கும் நடுவே பெல்ட்டை விற்றராசால் குறுக்காக 5 கிலோ அளவுக்கு இழுத்து, எத்தனை மில்லிமீற்றர் விலகுகிறது என்று அடிமட்டத்தால் அளவிடுங்கள். எத்தனை விலகவேண்டும் என்பதை அடுத்த பகுதியில் ஓர் உண்மைக் கணக்கோடு சொல்கிறேன்.

செய்யக்கூடாத செலவு: அகலமான பெல்ட்

வழுக்குகிறது என்று 100 மில்லிமீற்றர் பெல்ட்டைக் கழற்றி 125 வாங்கிப் போடுகிறார்கள். சமன்பாட்டில் அகலம் இல்லை என்று முன்பே சொன்னேன். அதே இறுக்கத்தில், அதே அழுக்குக் கப்பியில், அகலமான பெல்ட்டும் அதே சுமையில்தான் வழுக்கும். பெல்ட் நீண்டு அறுந்துபோகிறது, கூடுதல் இழுவிசையைத் தாங்கவில்லை என்றால் மட்டுமே அகலம் உதவும்.

## ஓர் ஆலையில் நடந்தது

கிண்ணியாப் பக்கம் ஓர் ஆலை. உரிமையாளர் என்னைவிட மூத்தவர், நானா என்றுதான் அழைப்பேன். "தம்பி, மூன்று முறை இழுத்துக் கட்டிவிட்டேன், இரண்டு பேரிங் மாற்றிவிட்டேன், இன்னும் கத்துகிறது" என்றார். மோட்டார் 1,450 சுற்று, இயந்திரம் 522. பத்து வீதம் வழுக்கல்.

கப்பிகள் மேலே சொன்ன அதே 160, 400. மையங்களுக்கு இடையே 1 மீற்றர். சின்னக் கப்பியில் பெல்ட் தழுவியது 166 பாகை, அதாவது 2.9 ஆரையன். சுமையில் இயந்திரம் கேட்டது ஏறத்தாழ 6 கிலோவாற்று. பெல்ட் நொடிக்கு 12 மீற்றர் ஓடுவதால், இரு பக்க இழுவிசைகளுக்கும் இடையே 500 நியூற்றன் வித்தியாசம் வேண்டும்.

விற்றராசுச் சோதனையில் குணகம் 0.20 வந்தது. அப்போது விகிதம் 1.79 மட்டுமே. இந்த விகிதத்தில் 500 நியூற்றனைப் பெறவும், ஓட்டத்தில் பெல்ட் வெளியே எறியப்படுவதால் இழக்கும் 80 நியூற்றன் அளவை ஈடுசெய்யவும், சற்றுக் கையிருப்பு வைக்கவும் பெல்ட்டை 1,050 நியூற்றனுக்கு இழுத்துக் கட்டவேண்டும். அவர் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தார்.

பெல்ட்டையும் கப்பியையும் துடைத்து உலர்த்தியபின் குணகம் 0.30. விகிதம் 2.39. இப்போது 750 நியூற்றன் போதும். அந்த இறுக்கத்தில் சுத்தமான பெல்ட் 6.5 கிலோவாற்றுக்குச் சற்று அதிகமாகவே கடத்தும். அதே 750 நியூற்றனில் தவிடு படிந்த பெல்ட் 4.5 கிலோவாற்றிலேயே வழுக்கத் தொடங்கும். துணைக் கப்பி போட்டுக் கோணத்தை 200 பாகையாக்கினாலும் தவிட்டுப் பெல்ட் 5.4 கிலோவாற்றைத்தான் எட்டும். ஆகவே துடைப்பது முந்திக்கொள்கிறது.

750 நியூற்றன் என்றால் இந்த நீளத்துக்கு, நடுவில் 5 கிலோவால் இழுக்கும்போது பெல்ட் 16 மில்லிமீற்றர் விலகவேண்டும். அவர் கட்டியிருந்ததை அளந்தேன்: 13 மில்லிமீற்றர்தான். உங்கள் பெல்ட்டுக்கு இதையே கணக்கிடலாம்:

```
விலகல் = (F × L) / (4 × T)
```

F குறுக்கே இழுக்கும் விசை (5 கிலோ என்றால் 49 நியூற்றன்), L கப்பிகளுக்கு இடையே தொடாமல் ஓடும் பெல்ட்டின் நீளம், T வேண்டிய இழுவிசை. மோட்டார்ச் சட்டத்தின் திருகை இளக்கி 16க்குக் கொண்டுவந்தேன். நெல் போட்டபோது இயந்திரம் 572 சுற்றில் நின்றது. தவிடு பறந்துவரும் பக்கத்தில் ஒரு தகரத் தடுப்பும் அடித்துவிட்டு வந்தேன். துடைக்கும் வேலை அதனால் வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது.

## அறிகுறி 2: இழுத்துக் கட்டியபின் மோட்டார்ப் பேரிங் சுடுகிறது

பெல்ட் கப்பியைப் பாதியளவு தழுவும்போது தண்டை இழுக்கும் விசை, பெல்ட்டின் இழுவிசையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. குண்டுப் பேரிங்கின் ஆயுள் சுமையின் மூன்றாம் அடுக்குக்கு எதிராகக் குறையும். மேலே சொன்ன ஆலையில் 750க்குப் பதில் 1,050 கட்டியிருந்தால் சுமை 1.4 மடங்கு. ஆயுள் முழுதாக இருக்கவேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். நானா இரண்டு பேரிங் மாற்றியதன் காரணம் இதுதான்.

- சூடு பெல்ட் பக்கத்துப் பேரிங்கில் மட்டும் என்றால், இறுக்கத்தை அளந்து இளக்குங்கள். இளக்கியதும் வழுக்கினால் அறிகுறி 1க்குத் திரும்புங்கள்.
- பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை வெறுமனே ஓட்டினாலும் அரைக்கும் ஒலி கேட்டால் பேரிங் ஏற்கெனவே கெட்டுவிட்டது. மாற்றத்தான் வேண்டும். தண்டில் உட்கார்ந்த பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்காமல், பேரிங்கை இழுத்தெடுக்கும் கருவி உள்ளவரிடம் கொடுங்கள்.
- பேரிங் மாற்றியபின்னும் தண்டு ஒரு பக்கமாக ஆடினால் தண்டு வளைந்திருக்கிறது. அது கடைசல் பட்டறைக்குப் போகவேண்டிய வேலை.

## அறிகுறி 3: காலையில் மட்டும், அல்லது வாடைக்காற்று மாதங்களில் மட்டும் வழுக்குகிறது

வாடைக்காற்றோடு மழை வரும் காலத்தில், கரையோர ஆலைகளில் இரவு முழுவதும் நின்ற கப்பியின் முகத்தில் ஈரம் பூத்திருக்கும். காலையில் சுமையில்லாமல் சிறிது நேரம் ஓடவிட்டு, வழுக்கல் நின்றபின் நெல்லைப் போடுங்கள். இதற்காகப் பெல்ட்டை இழுத்துக் கட்டினால், வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் அது தேவைக்கு மேல் இறுக்கமாகிவிடும்.

கப்பியில் கடற்காற்றின் துரு பிடித்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். துரு நன்றாகப் பிடிக்குமே என்று விட்டுவைக்கவேண்டாம். அது பெல்ட்டின் முகத்தை அரம்போல அராவும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலைமை நேர்மாறு. பழைய தோல் பெல்ட் வைத்திருப்பவர்களுக்கு அப்போது தோல் காய்ந்து, வெடித்து, பிடியை இழக்கும். தோலுக்கு மட்டும் அதற்கென விற்கும் மெழுகைத் தடவலாம். றப்பருக்கு அது ஆகாது.

## அறிகுறி 4: பெல்ட் கப்பியைவிட்டு ஒரு பக்கமாக நகர்கிறது

இது வழுக்கலோடு சேர்ந்தே வருவதுண்டு. பெல்ட்டின் ஒரு பகுதி கப்பிக்கு வெளியே தொங்கினால், அது கப்பியைத் தழுவாத பெல்ட்தான்.

முதலில் நூல் பிடியுங்கள். ஒரே அகலமுள்ள இரு கப்பிகளின் பக்க விளிம்புகளில் நூலை இறுக்கிப் பிடித்தால், நான்கு இடங்களிலும் ஒன்றாகத் தொடவேண்டும். ஒரு கப்பியில் ஒரு விளிம்பை மட்டும் தொட்டால் மோட்டார் திரும்பியிருக்கிறது. அடித்தளத் திருகுகளை இளக்கிச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள்.

- மோட்டாரை நேராக்கியபின் பெல்ட் நடுவில் நின்றால் வேலை முடிந்தது.
- பெல்ட் ஒரு சுற்றுக்கு ஒருமுறை இடதும் வலதுமாக ஆடினால் பொருத்து சதுரமாக வெட்டப்படவில்லை. மூலைமட்டம் வைத்து வெட்டி மீண்டும் கிளிப் போடுங்கள்.
- நூலும் பொருத்தும் சரியாக இருந்தும் நகர்ந்தால் கப்பியின் முகத்தில் நேர்விளிம்பு ஒன்றை வையுங்கள். நடுவில் சற்றுப் புடைப்பு இருக்கவேண்டும். 160 மில்லிமீற்றர் கப்பிக்கு அரை மில்லிமீற்றர் அளவு. பெல்ட் எப்போதும் கப்பியின் உயர்ந்த இடத்தை நோக்கி ஏறும் தன்மை உடையது. புடைப்பு தேய்ந்து நடுவில் பள்ளமாகிவிட்டால் பெல்ட் விளிம்புக்கு ஓடத்தான் செய்யும். கப்பியைக் கழற்றிக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அரத்தால் அராவிப் புடைப்பு உண்டாக்க முயலவேண்டாம்.

## அறிகுறி 5: றப்பர் கருகும் வாடை, பெல்ட்டின் உட்பக்கம் கண்ணாடிபோல மினுங்குகிறது

உடனே நிறுத்துங்கள். இது வழுக்கல் நெடுநேரம் கவனிக்கப்படாமல் இருந்ததன் விளைவு. பெல்ட் குளிர்ந்தபின் நகத்தால் கீறிப் பாருங்கள். மேற்படலம் மட்டும் மினுங்கி, அடியில் றப்பர் மென்மையாக இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் படலத்தை எடுத்துவிட்டு விற்றராசுச் சோதனையைச் செய்யுங்கள். குணகம் 0.25ஐத் தாண்டினால் இன்னும் சில காலம் ஓட்டலாம். தாண்டாவிட்டாலோ, மடித்தால் வெடிப்பு விழுந்தாலோ பெல்ட்டை மாற்றுங்கள்.

மாற்றும் முன், இயந்திரத்தை மின்சாரம் இல்லாமல் கையால் சுற்றிப் பாருங்கள். கனமாகச் சுற்றினால், பெல்ட் வழுக்கியதற்குக் காரணம் பெல்ட்டே அல்ல. உள்ளே கல் சிக்கியிருக்கலாம், அல்லது இயந்திரத்தின் சொந்தப் பேரிங் இறுகியிருக்கலாம். அந்த நிலையில் புதுப் பெல்ட் போட்டு நன்றாக இறுக்கினால் அடுத்து எரிவது மோட்டாரின் சுருள். இயந்திரத்தைத் திறக்கத் தெரிந்தவர் வந்து பார்க்கும்வரை சுவிட்சைப் போடவேண்டாம்.

## அறிகுறி 6: ஒரு சுற்றுக்கு ஒருமுறை "டக்" என்று தட்டுகிறது

பெரும்பாலும் கிளிப்தான். கப்பியைத் தொடும் பக்கத்தில் கிளிப்பின் பல் துருத்திக்கொண்டிருக்கும். கட்டையின்மேல் வைத்துத் தட்டிச் சமப்படுத்துங்கள். பற்களில் இரண்டு மூன்று விட்டுப்போயிருந்தால் மீதியும் அதே நாளில் விடும் என்று வைத்துக்கொண்டு கிளிப்பை மாற்றுங்கள். நொடிக்கு 12 மீற்றர் ஓடும் பெல்ட் அறுந்து வீசினால் பக்கத்தில் நிற்பவரின் முகத்தில்தான் படும். கம்பிவலைத் தடுப்பு இல்லாத ஆலையில் இந்த ஒலி கேட்டபின் இயந்திரத்தை ஓட்ட நான் சம்மதிப்பதில்லை.